மூண்டு கிரெடிட்டும் இரண்டு கிரெடிட்டும் ஒண்டில்ல

செமஸ்டர் ரிசல்ட்ஸ் வந்தால் எங்கட கம்பஸ் வட்ஸ்அப் குழுக்களில் நடப்பது எப்போதும் ஒரே மாதிரித்தான். முதலில் ஸ்கிரீன்ஷொட் வரும். பிறகு, "மச்சான், ஜீபீஏ எவ்வளவு?" என்ற கேள்வி வரும். அடுத்த ஐந்து நிமிடத்தில் ஆளாளுக்கு ஃபோனில் கல்குலேட்டரைத் திறந்து ஆறு பாடத்தின் கிரேட் பொயின்டையும் கூட்டி, ஆறால் பிரித்து, வந்த எண்ணை அனுப்பிவிடுவார்கள். அந்த எண்ணுக்கு வாழ்த்தும் வரும், ஆறுதலும் வரும். அனேகமாக அந்த எண் பிழை. அதைவிடப் பெரிய பிரச்சினை, கலைப் பீடத்தில் அந்தப் பிழை பெரும்பாலும் ஒரே பக்கமாகவே சாய்கிறது. உண்மையில் இருப்பதைவிட நல்ல நிலையில் இருக்கிறோம் என்று அது எங்களுக்குச் சொல்கிறது.

இதைக் கணக்குத் தெரியாத கலைப் பீடத்து ஆட்களின் பிரச்சினை என்று சிரித்துவிட்டுப் போகலாம். நான் அப்படி நினைக்கவில்லை. கூட்டவும் பிரிக்கவும் எல்லாருக்கும் தெரியும். எதால் பிரிக்க வேண்டும் என்பதை எங்களுக்கு யாரும் சரியாகச் சொல்லித் தரவில்லை என்பதுதான் விஷயம். பள்ளிக்கூடமும் எங்களை வேறு மாதிரிப் பழக்கி அனுப்பியது. உயர்தரத்தில் மூன்று பாடம். பல்கலைக்கழக அனுமதிக்கு அந்த மூன்று பாடத்தினதும் இசட் புள்ளியைக் கூட்டி மூன்றால் பிரிப்பார்கள். தமிழும் புவியியலும் இந்து நாகரிகமும் அங்கே ஒரே எடை. ஒரு பாடத்தில் விழுந்ததை இன்னொன்றில் அதே அளவு ஏறிச் சமன் செய்யலாம். வீட்டிலும் அப்படித்தான் கேட்பார்கள்: "எத்தினை பாடம் ஏ?" பாடத்தை எண்ணுகிற அந்தப் பழக்கத்தோடுதான் நாங்கள் வந்தாறுமூலைக்கு பஸ் ஏறுகிறோம். இங்கே பாடம் எண்ணப்படுவதில்லை, நிறுக்கப்படுகிறது.

நிறுக்கிற கணக்கு எங்கட ஊருக்குப் புதிதில்லை. வாவி இறால் கிலோ 1,600 ரூபா, மீன் கிலோ 900 ரூபா என்று வைப்போம். ஒரு கிலோ இறாலும் நாலு கிலோ மீனும் வாங்குகிறீர்கள். சராசரியாகக் கிலோவுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? 1,600ஐயும் 900ஐயும் கூட்டி இரண்டால் பிரித்து 1,250 என்று சொன்னால் மீன்காரம்மாவே சிரிப்பா. கொடுத்த காசு 1,600 உம் 3,600 உம், மொத்தம் 5,200. வாங்கியது ஐந்து கிலோ. ஆகவே கிலோவுக்கு 1,040 ரூபா. மீன் நாலு கிலோ இருப்பதால் அதன் விலைதான் சராசரியைத் தன் பக்கம் இழுக்கிறது. கிரெடிட் என்பது அந்தக் கிலோ. கிரேட் பொயின்ட் என்பது அந்த விலை. இவ்வளவுதான் முழுக் கணக்கும்.

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் கிரேட் பொயின்ட் அட்டவணை ஏறக்குறைய ஒன்றுதான்: A+ உம் A உம் 4.0, A- 3.7, B+ 3.3, B 3.0, B- 2.7, C+ 2.3, C 2.0, C- 1.7, D+ 1.3, D 1.0, E சைபர். எந்த மார்க்ஸுக்கு எந்த கிரேட் என்ற எல்லைதான் இடத்துக்கு இடம், சில வேளை பீடத்துக்குப் பீடம் மாறும். அதை உங்கள் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற கம்பஸில் படிக்கிற கூட்டாளியிடம் கேட்க வேண்டாம்.

இப்போது ஒரு மாணவியின் செமஸ்டரை எடுப்போம். ஆள் கற்பனை. ஆனால் இப்படி ரிசல்ட்ஸ் வைத்திருக்கிற ஆட்கள் எல்லா பெட்ச்சிலும் இருக்கிறார்கள்.

| பாடம் | கிரெடிட் | கிரேட் | பொயின்ட் | கிரெடிட் × பொயின்ட் |
|---|---|---|---|---|
| இலக்கிய வரலாறு | 3 | B | 3.0 | 9.0 |
| மொழியியல் | 3 | B+ | 3.3 | 9.9 |
| சமூகவியல் | 3 | C+ | 2.3 | 6.9 |
| நாட்டாரியல் | 2 | A | 4.0 | 8.0 |
| கணினி | 2 | A- | 3.7 | 7.4 |
| ஆங்கிலம் | 2 | A- | 3.7 | 7.4 |

பொயின்டை மட்டும் கூட்டினால் 20.0 வரும். ஆறால் பிரித்தால் 3.33. வட்ஸ்அப்பில் போகிற எண் இது. சரியான கணக்கில் கடைசி நிரலைக் கூட்ட வேண்டும். அது 48.6. பிறகு பாடங்களின் எண்ணிக்கையை விட்டுவிட்டு கிரெடிட்டின் மொத்தமான 15ஆல் பிரிக்க வேண்டும். வருவது 3.24.

0.09 தானே என்று தோன்றும். ஆனால் பெரும்பாலான இடங்களில் செக்கண்ட் அப்பர் 3.30 இல் தொடங்குகிறது, செக்கண்ட் லோவர் 3.00 இல். முதல் எண்ணை நம்பினால் இந்த மாணவி கோட்டுக்கு மேலே நிற்கிறா. இரண்டாவது எண்ணில் கோட்டுக்குக் கீழே. இதே கணக்கை எட்டு செமஸ்டரும் மனதில் வைத்துக்கொண்டு, "எனக்கு அப்பர் வரும்" என்று வீட்டிலும் சொல்லிவிட்டு, கடைசியில் பட்டப் பெறுபேறு வரும்போது நம்ப முடியாமல் திகைப்பவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். மார்க்ஸ் குறைத்துப் போட்டார்கள் என்று கோபம் வரும். உண்மையில் யாரும் குறைக்கவில்லை. எடை முதல் செமஸ்டரிலிருந்தே அங்கே இருந்தது.

ஏன் கலைப் பீடத்தில் இந்தப் பிழை எங்களுக்குச் சாதகமாகவே தெரிகிறது என்று சொன்னேன்? அட்டவணையைத் திரும்பப் பாருங்கள். ஏ எல்லாம் இரண்டு கிரெடிட்டில் இருக்கிறது. பி, சி எல்லாம் மூன்று கிரெடிட்டில் இருக்கிறது. கணினி, ஆங்கிலம் மாதிரிப் பாடங்களில் தொடர் மதிப்பீடு அதிகம், பாடப்பரப்பு சின்னது, மார்க்ஸ் ஏறும். பிரதான பாடங்களில் மூன்று மணித்தியாலம் இருந்து கட்டுரை எழுத வேண்டும், அங்கே பி எடுப்பதே பெரும் பாடு. பாரமான இடத்தில் குறைவு, இலேசான இடத்தில் கூடுதல். இந்த அமைப்பு உள்ள யாருக்கும் சும்மா சராசரி பொய்யாக உயர்ந்துதான் காட்டும். மறுபக்கமும் உண்டு: பிரதான பாடத்தில் ஏ எடுத்து ஆங்கிலத்தில் சி எடுக்கிறவருக்குச் சும்மா சராசரி குறைவாகக் காட்டும், அவர் தேவையில்லாமல் மனம் உடைவார். எங்கட பெட்ச்சில் ஆங்கிலத்துக்குப் பயந்து பயந்தே படிக்கிறவர்களுக்கு இது நல்ல செய்தி.

பிரிக்கிற எண்ணில் வருகிற வேறு சில பிழைகளும் இருக்கின்றன. அதில் மோசமானது, ஃபெயிலான பாடத்தை விட்டுவிடுவது. மேலே உள்ள மாணவி சமூகவியலில் E எடுத்திருந்தால் கடைசி நிரலின் மொத்தம் 41.7. "அந்தப் பாடம் ரிப்பீட் எடுக்கத்தானே போறன்" என்று அதன் மூன்று கிரெடிட்டையும் கழற்றிவிட்டு 12ஆல் பிரித்தால் 3.48 வரும். ஃபெயிலான பிறகு ஜீபீஏ கூடுகிறது! அப்படி ஒரு எண் வந்தாலே பிழை என்று பிடிபட வேண்டும். சரியாக 15ஆல் பிரித்தால் 2.78. ரிப்பீட் எழுதிய பிறகுதான் அந்தச் சைபர் மாறும். அப்போதும் பல இடங்களில் C க்கு மேல் தரமாட்டார்கள். அதாவது அந்த மூன்று கிரெடிட் எத்தனை நன்றாக எழுதினாலும் 6.0 க்கு மேல் கொண்டு வராது. இதற்கு நேர்மாறானது, ஜீபீஏயில் சேராத கட்டாயப் பாடங்கள். சித்தியடைய வேண்டும், ஆனால் கணக்கில் வராது என்று கையேட்டில் குறித்திருப்பார்கள். அவற்றை மேலேயும் கீழேயும் இரண்டு இடத்திலும் விட வேண்டும். மேலே விட்டுவிட்டு கீழே கிரெடிட்டை மட்டும் சேர்த்தால் வீணாக ஜீபீஏ விழுந்ததாகத் தெரியும்.

அடுத்தது மார்க்ஸைக் கொண்டு கணக்குப் போடுவது. உதாரணமாக 70 இலிருந்து 84 வரை A, 55 இலிருந்து 59 வரை B என்று உள்ள ஒரு அளவுகோலை வைப்போம். ஒரே கிரெடிட் உள்ள இரண்டு பாடத்தில் ஒருவர் 84 உம் 56 உம் எடுக்கிறார். சராசரி 70, ஆகவே A, ஆகவே 4.0 என்று நினைப்பார். கணக்கு அப்படிப் போகாது. 84 முதலில் 4.0 ஆகிறது, 56 முதலில் 3.0 ஆகிறது, அதன் பிறகுதான் சராசரி: 3.5. ஒவ்வொரு பாடமும் தனித்தனியாகப் படிக்கட்டில் ஏறி ஒரு படியில் நின்றுவிடும். 84 எடுத்தவருக்கு 70 க்கு மேலுள்ள 14 மார்க்ஸால் ஜீபீஏயில் ஒரு சதமும் இல்லை. அந்த உழைப்பில் கால்வாசி மற்றப் பாடத்துக்குப் போயிருந்தால் 56, 60 ஆகி அடுத்த படிக்கு வந்திருக்கும். இது நியாயமா என்று கேட்டால், எனக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் விதி இதுதான் என்று தெரிந்துகொண்டு எரிச்சல்படுவது, தெரியாமல் ஏமாறுவதைவிட மேல்.

செமஸ்டர் ஜீபீஏக்களைக் கூட்டி மொத்த ஜீபீஏ எடுப்பதிலும் இதே பொறி இருக்கிறது. ஒரு செமஸ்டரில் 12 கிரெடிட்டுக்கு 3.60, அடுத்ததில் 18 கிரெடிட்டுக்கு 3.00. இரண்டையும் கூட்டி இரண்டால் பிரித்தால் 3.30, அப்பர் கைக்குள் வந்த மாதிரி இருக்கும். கிரெடிட்டால் நிறுத்தால் முதலாவதில் 43.2, இரண்டாவதில் 54.0, மொத்தம் 97.2. அதை 30ஆல் பிரித்தால் 3.24. பாடம் இலேசாக இருந்த செமஸ்டர் நன்றாகப் போனதும், பாரமாக இருந்த செமஸ்டர் சறுக்கியதும் ஆச்சரியமான விஷயமில்லை. ஆனால் கணக்கில் அந்தச் சறுக்கல்தான் கூடப் பேசும்.

ஃபோனிலேயே ஒரு ஸ்பிரெட்ஷீட் திறந்து B நிரலில் கிரெடிட்டையும் C நிரலில் கிரேட் பொயின்டையும் போட்டு வைத்தால் ஒரு வரியில் முடிந்துவிடும்:

```
=SUMPRODUCT(B2:B7,C2:C7)/SUM(B2:B7)
```

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ரிசல்ட்ஸ் வராத பாடத்தின் பொயின்ட் கட்டத்தை வெறுமனே விட்டால் அதை இந்த வரி சைபராக எடுக்கும், கிரெடிட்டையோ கீழே சேர்த்துக்கொள்ளும். ஜீபீஏ திடீரென்று பாதாளத்துக்குப் போனால் பயப்பட முதல் அந்தக் கட்டத்தைப் பாருங்கள். பொயின்ட் இருக்க வேண்டிய இடத்தில் B+ என்று எழுத்தைப் போட்டாலும் அதுவேதான் நடக்கும். வராத பாடத்தின் கிரெடிட்டையும் சேர்த்து எடுத்துவிட்டால் சரி.

இவ்வளவும் கணக்கு. எனக்கு உண்மையாகச் சொல்ல வேண்டியிருப்பது நாலாம் வருடத்து ஆய்வேட்டைப் பற்றி.

இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி சிறப்புப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட். வருடத்துக்கு 30, செமஸ்டருக்கு ஏறக்குறைய 15. நாங்கள் பார்த்த அதே மாணவி ஏழு செமஸ்டரும் முடித்து 105 கிரெடிட்டில் 3.24 ஓடு நிற்கிறா என்று வைப்போம். 105ஐ 3.24ஆல் பெருக்கினால் 340.2. இதுவரை சேர்த்த மொத்தச் சரக்கு இது. அப்பர் எடுக்க 120 கிரெடிட்டுக்கு 3.30, அதாவது 396 வேண்டும். மிச்சம் 55.8. அதைக் கடைசி 15 கிரெடிட்டில் எடுக்க வேண்டும். அந்த 15 இல் ஆய்வேடு ஆறு கிரெடிட், மூன்று கிரெடிட் பாடங்கள் மூன்று என்று வைப்போம்.

ஆய்வேட்டில் A வந்தால் 24 கிடைத்துவிடும். மிச்சம் 31.8ஐ மூன்று பாடத்திலும் எடுத்தால் போதும். A-, A-, B+ எடுத்தால் 32.1 வரும், தப்பிவிடலாம். கஷ்டம், ஆனால் நடக்கக்கூடியது. ஆய்வேட்டில் B+ வந்தால் 19.8 தான். மிச்சம் சரியாக 36. மூன்று பாடமும் A எடுத்தால் 36, மட்டாக 3.30. ஒரு பாடத்தில் A- வந்தாலும் போச்சு. ஆய்வேட்டில் B வந்தால்? 18. மிச்சம் 37.8. மூன்று பாடத்திலும் A எடுத்தாலும் 36க்கு மேல் போக வழியே இல்லை. அந்த மூன்று பேப்பரும் எழுத முதலே கதவு பூட்டியாச்சு.

ஆய்வேட்டில் A க்கும் B க்கும் இடையில் இருக்கிற ஒரு முழுப் பொயின்ட், 120 கிரெடிட்டில் 0.05 தூக்கும். இரண்டு கிரெடிட் பாடத்தில் அதே ஒரு பொயின்ட் 0.017 தான். மூன்று இரண்டு கிரெடிட் பாடத்தை ஒன்றாகத் தூக்கினால்தான் ஒரு ஆய்வேட்டுக்குச் சமன்.

இப்போது எங்கட நடைமுறையைப் பாருங்கள். ஆய்வேட்டைத்தான் நாங்கள் கடைசிக்கு விடுகிறோம். தலைப்பு பாஸாகி மாதக்கணக்கில் அது அலுமாரியில் கிடக்கும். ரெண்டு கிரெடிட் பாடத்துக்கு நாளைக்கு டெஸ்ட் என்றால் இரவிரவாகப் படிப்போம், ஏனென்றால் அதற்குத் திகதி இருக்கிறது. ஆய்வேட்டுக்கு இருப்பது ஒரே ஒரு திகதி, அதுவும் தூரத்தில். கிட்டத்தில் நிற்கிற பாடத்துக்கு எங்கட நேரம் போகிறது, எடை கூடிய பாடம் காத்துக் கிடக்கிறது. பாடத்தை எண்ணுகிற பழக்கத்தின் மிகப் பெரிய இழப்பு இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

கிரெடிட் என்பது வெறும் பெருக்கல் எண்ணும் இல்லை. அதே சட்டகம் ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல் என்கிறது. லெக்சர், வாசிப்பு, அசைன்மென்ட், பரீட்சைக்குப் படிப்பது எல்லாம் சேர்த்துத்தான். மூன்று கிரெடிட் பாடம் என்றால் 150 மணித்தியாலம். வாரம் மூன்று மணித்தியாலப்படி 15 வாரம் லெக்சர் என்றால் 45 போகும். மிச்சம் 105 உங்களுடையது. ஆய்வுக்கு இன்னும் கூட: ஒரு கிரெடிட்டுக்குக் குறைந்தது 100 மணித்தியாலம். ஆறு கிரெடிட் ஆய்வேடு 600 மணித்தியாலம். இரண்டு செமஸ்டராகப் பரப்பி 30 வாரத்தில் செய்தாலும் வாரத்துக்கு 20 மணித்தியாலம். மண்டூரிலிருந்து பாதையில் வாவியைக் கடந்து, குருமண்வெளியில் பஸ் பிடித்து வருகிற ஒருவருக்கு, பின்னேரம் டியூஷன் வகுப்பு எடுத்து வீட்டுக்குக் காசு கொடுக்கிற ஒருவருக்கு, இந்த 20 மணித்தியாலம் எங்கே இருக்கிறது? படுவான்கரைப் பிள்ளைக்கும் ஹொஸ்டல் பிள்ளைக்கும் ஒரே எடை, ஆனால் ஒரே நேரம் இல்லை. இது எனக்குள் இருக்கிற ஒரு முரண்பாடு, தீர்வு என்னிடம் இல்லை. ஆனால் எடையை மறைத்து வைப்பதால் அந்தப் பிள்ளைக்கு எந்த நன்மையும் இல்லை. நேரம் குறைந்தவருக்குத்தான் எதில் செலவழிப்பது என்று முன்கூட்டியே தெரிய வேண்டும்.

ஆகவே நான் இரண்டு பக்கத்திடமும் கேட்கிறேன். மாணவர் பக்கத்தில், செமஸ்டர் தொடக்கத்தில் டைம்டேபிளை ஃபோட்டோ எடுக்கும்போது ஒவ்வொரு பாடத்துக்கும் பக்கத்தில் கிரெடிட்டை எழுதிவையுங்கள். பாட இலக்கத்திலேயே கிரெடிட் இருக்கிற இடங்களும் உண்டு, கையேடு சொல்லும். பீடத்தின் பக்கத்தில், ஒரு வேலைக்கு ஆறு கிரெடிட் எடை என்று நீங்களே எழுதிவைத்தால், வழிகாட்டலும் அந்த எடைக்கு இருக்க வேண்டும். மூன்று கிரெடிட் பாடத்துக்கு வாரா வாரம் மூன்று மணித்தியாலம் ஒரு விரிவுரையாளர் எங்களுக்கு முன்னால் நிற்கிறார். இரண்டு மடங்கு பாரமான ஆய்வேட்டுக்கு, "அத்தியாயம் எழுதி முடிச்சிட்டு வாங்க" என்ற ஒரு வசனத்தோடு மாதங்கள் போகக்கூடாது. இரண்டு வாரத்துக்கொரு சந்திப்பு, அதற்கொரு திகதி, அந்தத் திகதிக்குக் கொஞ்சம் மார்க்ஸ். திகதி இருந்தால் நாங்கள் செய்வோம். ரெண்டு கிரெடிட் டெஸ்ட்டுக்கு இரவிரவாக விழித்திருக்கிறோமே, அதுவே சாட்சி.

இதைப் பற்றிக் கதைக்கும்போது ஒரு தோழி சொன்னா: "எல்லாத்தையும் நிறுத்துப் படிக்கிறதெண்டா பிறகு அது படிப்பா, யாவாரமா?" அந்தக் கேள்வியை நான் இலேசாக எடுக்கவில்லை. எடை தெரிந்தவுடனே மார்க்ஸ் லேசாகப் போடுகிற பாடத்தைத் தேடிப் போகிற ஆட்களும் இருக்கிறார்கள். பிடித்த பாடத்தைத் தெரிவு செய்யாமல் கிரெடிட்டைப் பார்த்துத் தெரிவு செய்தவர்களை நானும் கண்டிருக்கிறேன். ஆனால் அந்தத் தந்திரம் பெரிதாகப் பலிக்காது என்பதையும் அதே கணக்குத்தான் காட்டுகிறது. லேசான தெரிவுப் பாடம் இரண்டு கிரெடிட் என்றால், அதில் B க்குப் பதிலாக A எடுத்து நீங்கள் சம்பாதிப்பது 120 இல் இரண்டு, அவ்வளவுதான். நாட்டாரியல் பிடிக்கும் என்றால் தாராளமாக நாட்டாரியலைப் படியுங்கள், மேளக்கட்டும் கூத்தும் பற்றி எழுதுங்கள். ஜீபீஏ அதால் மூழ்கவும் மாட்டாது, மிதக்கவும் மாட்டாது. எடை தெரிந்தவருக்கு இந்தச் சுதந்திரமும் கிடைக்கிறது. யாவாரம் என்றால், எதை நிறுத்து எதைச் சும்மா அள்ளிக்கொடுக்கலாம் என்று தெரிந்தவர்தானே நல்ல யாவாரி.

இன்னும் ஒரு சின்ன விஷயம் மிச்சம் இருக்கிறது, ஆனால் அது ஒருவரின் வகுப்பைத் தீர்மானிக்கும். மேலே சொன்ன மாணவி ஆய்வேட்டில் A- எடுத்து, மற்ற மூன்றிலும் A, A-, B+ எடுத்தா என்று வைப்போம். ஆய்வேடு 22.2, மற்றவை 33.0. மொத்தம் 395.4. அதை 120ஆல் பிரித்தால் 3.295. ஸ்பிரெட்ஷீட்டில் இரண்டு தசமத்துக்குக் காட்டச் சொன்னால் பெரும்பாலும் 3.30 என்று காட்டும். ஆனால் பீடம் மூன்றாம் தசமத்தை மட்டந்தட்டுமா, வெட்டி எறியுமா? மட்டந்தட்டினால் அப்பர். வெட்டினால் 3.29, லோவர். நாலு வருடம், நாற்பதுக்குக் கிட்ட பாடம், அவ்வளவும் கடைசியில் இந்த ஒரு விதியில் தொங்கலாம். முதலாம் வருடம் எல்லாப் பாடத்தோடும் சேர்த்து எண்ணப்படுமா என்பதும் அப்படியான விதிதான், சில பீடங்கள் அதற்கு வேறு எடை வைக்கின்றன. இரண்டும் உங்கள் பரீட்சை விதிமுறையில் எழுதியிருக்க வேண்டும். எழுதியிருக்காவிட்டால், நாலாம் வருட ரிசல்ட்ஸ் வந்த பிறகு கேட்பதில் பலனில்லை. இப்போதே மாணவர் ஒன்றியத்தின் ஊடாக எழுத்தில் கேளுங்கள்.

அதோடு ரிசல்ட்ஸ் பக்கத்தில் கிரேட்டுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு நிரல் போடச் சொல்லியும் கேளுங்கள்: கிரெடிட் ஒன்று, கிரெடிட்டும் பொயின்டும் பெருக்கியது ஒன்று. கணினி ஏற்கெனவே அதைக் கணக்கிட்டுத்தான் ஜீபீஏ தருகிறது. எங்களுக்குக் காட்டினால் மட்டும் போதும்.